14 பக்கத்தை 5 பக்கமாக்குவது: நிதி கேட்கும் முன்மொழிவில் எதை வெட்டலாம், எதை விடக்கூடாது

தாராவியில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன டிரஸ்ட். எட்டாம் வகுப்பு வரும்போது தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்கு மூன்று இடங்களில் பாடம் சொல்லிக்கொடுக்க நினைத்தார்கள். ஒரு கம்பெனி சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியில் 20 லட்சம் ரூபாய் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கையில் 14 பக்கத்தில் ஒரு முன்மொழிவு தயாராக இருந்தது. கம்பெனி கேட்டதோ 5 பக்கம். அதற்கு மேல் உள்ள பக்கங்கள் மதிப்பீட்டுக்குப் போகாது என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

அவர்களோடு உட்கார்ந்து அந்த 14 பக்கத்தை எப்படி 5 ஆக்கினோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். முன்மொழிவு ஆங்கிலத்தில் இருந்தது. இங்கே காட்டும் பத்திகளை மட்டும் தமிழில் தருகிறேன்.

முதல் படி: 5 பக்கம் என்றால் எதெல்லாம் சேர்த்து 5?

வெட்டத் தொடங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகப்புப் பக்கம் கணக்கில் வருமா? பட்ஜெட் அட்டவணை உள்ளே இருக்க வேண்டுமா, தனி எக்ஸெல் கோப்பாகக் கொடுக்கலாமா? பணியாளர்களின் பயோடேட்டா எங்கே? எழுத்தின் அளவு, ஓரத்தில் விட வேண்டிய இடம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? அறிவிப்பில் இல்லையென்றால் கேள்வி அனுப்பக் கொடுத்த தேதிக்குள் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு வந்த பதில்: முகப்புப் பக்கம் கணக்கில் இல்லை. 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்-1 பதிவுச் சான்றுகளும் ஆடிட் அறிக்கையும் இணைப்பாகத் தனியே போகும். பட்ஜெட் 5 பக்கத்துக்குள்தான் இருக்க வேண்டும். எழுத்து 11 புள்ளி, நாலு பக்கமும் ஒரு அங்குல ஓரம்.

இந்த அளவில் ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 500 ஆங்கிலச் சொற்கள் பிடிக்கும். நடுவில் அட்டவணை வந்தால் அதைவிடக் குறையும். ஆக, நமக்குக் கிடைத்தது சுமார் 2,300 சொற்கள். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எழுத்தைச் சிறிதாக்கியோ வரி இடைவெளியை நெருக்கியோ ஏமாற்றலாம் என்ற யோசனை வரும். வேண்டாம். ஒரே நாளில் நிறைய முன்மொழிவுகள் படிப்பவரின் கண்ணுக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: மதிப்பெண்ணைப் பக்கமாக மாற்றுங்கள்

வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கி 14-ஐ 5-க்குக் கொண்டுவரவே முடியாது. அந்த வழியில் போனால் 11 பக்கத்தில் வந்து நிற்போம். அதற்குள் எல்லா வாக்கியமும் வாசிக்கச் சகிக்காத அளவுக்கு இறுகிப்போயிருக்கும். முதலில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்யுங்கள்.

அந்தக் கம்பெனி மதிப்பெண் பிரிவை அறிவிப்பிலேயே கொடுத்திருந்தது. தேவைக்கு 15, செயல்திட்டத்துக்கு 35, பலனை எப்படி அளப்பீர்கள் என்பதற்கு 20, பட்ஜெட்டுக்கு 15, அமைப்பின் தகுதிக்கு 15. 5 பக்கத்தை இதே விகிதத்தில் பிரித்தால் தேவைக்கு முக்கால் பக்கம், திட்டத்துக்கு ஒன்றேமுக்கால், அளவீட்டுக்கு ஒன்று, பட்ஜெட்டுக்கு முக்கால், தகுதிக்கு முக்கால். திட்டத்திலிருந்து கால் பக்கம் எடுத்து மேலே சுருக்கத்துக்குக் கொடுத்தோம்.

இப்போது பழைய 14 பக்கத்தை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அமைப்பின் வரலாறு இரண்டரைப் பக்கம், பணியாளர் அறிமுகம் ஒன்று, படங்கள் ஒன்று. மூன்றும் சேர்ந்து நாலரைப் பக்கம். அவை எல்லாமே 15 மதிப்பெண் கொண்ட ஒரே தலைப்புக்குள் வருபவை. 20 மதிப்பெண் கொண்ட அளவீட்டுக்குத் தனிப் பகுதியே கிடையாது. போன வருட முடிவுகள் என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது, ஆனால் வரும் வருடம் எப்படி அளப்போம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இதைப் பார்த்ததும் வேலையின் தன்மையே மாறிவிட்டது. 9 பக்கம் வெட்ட வேண்டும், கூடவே அரைப் பக்கமாவது புதிதாக எழுத வேண்டும்.

மதிப்பெண் பிரிவு தரப்படாத இடங்களில் விண்ணப்பத்தில் கேட்ட கேள்விகளே அளவுகோல். எந்தத் தலைப்பில் துணைக்கேள்விகள் அதிகமோ அங்கே இடமும் அதிகம் கொடுங்கள்.

மூன்றாம் படி: பட்ஜெட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

என் அனுபவத்தில் அதிகம் பயன்பட்ட படி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பட்ஜெட்டில் எட்டு வரிகள் இருந்தன:

1. ஆசிரியர்கள் 6 பேர், மாதம் 9,000 வீதம்: 6,48,000
2. ஒருங்கிணைப்பாளர், மாதம் 25,000: 3,00,000
3. மூன்று அறை வாடகை, மாதம் 12,000 வீதம்: 4,32,000
4. பாடப்பொருள், 120 பிள்ளைகளுக்கு 1,500 வீதம்: 1,80,000
5. மாலைச் சிற்றுண்டி, 120 பேர், 240 நாள், 8 ரூபாய் வீதம்: 2,30,400
6. வருடத்தில் மூன்று தேர்வு: 60,000
7. ஆசிரியர் பயிற்சி: 48,000
8. கணக்கு, ஆடிட்: 1,01,600

மொத்தம் 20,00,000.

இந்த எண்களை வைத்துக்கொண்டு 14 பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தோம். ஒரு பத்தி எந்தப் பட்ஜெட் வரிக்குக் காரணம் சொல்கிறதோ அந்த எண்ணை ஓரத்தில் எழுத வேண்டும். மதிப்பெண் தலைப்பு ஏதாவது ஒன்றுக்கு நேரடியாகப் பதில் சொன்னால் அந்தத் தலைப்பின் முதலெழுத்தைப் போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஓரம் வெறுமையாக இருக்கட்டும்.

முடித்துவிட்டுப் பார்த்தால் ஐந்து பக்கங்களுக்கு மேல் ஓரம் வெறுமையாகவே இருந்தது. வெட்டுவதற்கான முதல் பட்டியல் அதுதான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. 7 என்ற எண் எங்கேயுமே இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு 48,000 கேட்கிறோம், என்ன பயிற்சி, யார் தருகிறார்கள் என்று 14 பக்கத்தில் எங்கும் சொல்லவில்லை. வாடகை எண்ணுக்கு எதிரே பாதி வரி இருந்தது.

இதை வெட்டிய பிறகும் இன்னொரு முறை செய்ய வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் வேறொரு விண்ணப்பத்தில் நானே இந்தத் தவறைச் செய்தேன். இடம் போதவில்லை என்று சிற்றுண்டி பற்றிய பத்தியைத் தூக்கினேன், பட்ஜெட்டில் அந்த வரி அப்படியே இருந்தது. "உணவுச் செலவுக்கும் திட்டத்துக்கும் தொடர்பு தெளிவாக இல்லை" என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தக் குறிப்பு நியாயமானது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை ஏழு மணி வரை வெறும் வயிற்றில் உட்காராது, சிற்றுண்டி கொடுத்த மாதங்களில் வருகை கூடியது. இது எனக்குத் தெரியும். படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரே வாக்கியம் வைத்திருந்தால் போதும்.

ஆகவே விதி இது: பத்தியை வெட்டினால் பட்ஜெட் வரியும் போக வேண்டும். பட்ஜெட் வரி இருந்தால் அதற்கு ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். இந்தக் கயிறு அறுந்த இடத்தில்தான் மதிப்பீட்டாளர் கேள்விக்குறி போடுவார்.

நான்காம் படி: படிப்பவருக்குத் தெரிந்ததை வெட்டுங்கள், தெரியாததை வையுங்கள்

பழைய முன்மொழிவில் தாராவி பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அதன் தொடக்கம் இப்படி:

"மும்பை மாநகரின் நடுவே அமைந்துள்ள தாராவி, ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. தோல் பொருள் தயாரிப்பு, மண்பாண்டம், தையல் போன்ற பல தொழில்கள் இங்கே நடக்கின்றன. பல தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் இங்கே பெருமளவில் வாழ்கின்றனர். நெருக்கமான வீடுகள், குறுகிய சந்துகள், போதிய கழிப்பறை வசதியின்மை ஆகியவற்றுக்கிடையே இம்மக்களின் வாழ்க்கை நகர்கிறது."

இதில் ஒரு சொல்கூடத் தவறு இல்லை. ஆனால் சி.எஸ்.ஆர். நிதியைக் கையாளும் ஒருவருக்குத் தாராவி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது வேறு ஒன்று. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது மட்டுமல்லாமல் தமிழ் வழியிலும் பள்ளி நடத்துகிறது என்பது மும்பைக்கு வெளியே பலருக்குத் தெரியாது. எங்கள் திட்டமே அதன்மேல்தான் நிற்கிறது. பழைய முன்மொழிவில் இது ஆறாம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவே கிடந்தது. டிரஸ்டில் எல்லாருக்கும் அது அன்றாட விஷயம் என்பதால் சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பக்கமும் போய், இந்தப் பத்தி வந்தது:

"மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. எங்கள் பகுதியில் அங்கே படிக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறுகிறார்கள். கணக்கும் அறிவியலும் திடீரென்று ஆங்கிலத்தில் வருகின்றன. போன வருடம் எங்களிடம் சேர்ந்தவர்களில் வருட இறுதி வரை இருந்த 62 பேரில், தொடக்கத்தில் மூன்றாம் வகுப்பு நிலை ஆங்கிலப் பத்தியை வாசிக்க முடிந்தவர்கள் 14 பேர் மட்டுமே. ஒரே அறை வீடுகளில் மாலையில் உட்கார்ந்து படிக்க இடமில்லை."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வீட்டு நெருக்கடி பற்றிய இரண்டு பக்கத்திலிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். அதற்கு வேலை இருக்கிறது. வாடகைக்கு ஏன் 4,32,000 என்பதற்கான காரணம் அதுதான்.

ஐந்தாம் படி: சங்கடமான உண்மையை வெட்டாதீர்கள்

போன வருடம் இரண்டு மையங்களில் 80 பிள்ளைகளோடு தொடங்கி 62 பேரோடு முடித்தார்கள். அந்த 62 பேரில் வாசிக்க முடிந்தவர்கள் 14-லிருந்து 41 ஆனார்கள். இடம் குறையும்போது முதலில் காணாமல் போவது அந்த 18 பேர்தான். "80 பிள்ளைகள் பயனடைந்தனர்" என்று எழுதிவிட்டால் நாலு வரி மிச்சம், சங்கடமும் இல்லை.

ஆனால் தேர்வு அட்டவணையில் 62 என்று இருக்குமே. படிப்பவர் 80-ஐயும் 62-ஐயும் பார்த்துவிட்டு மீதிப் பேர் எங்கே என்று யோசிப்பார். பதில் இல்லையென்றால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். நாங்கள் ஒரே வாக்கியத்தில் முடித்தோம்: "18 பேர் நடுவில் நின்றார்கள். 11 குடும்பங்கள் வீடு மாறின அல்லது ஊருக்குத் திரும்பின, 7 பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள்." அடுத்த வாக்கியத்தில், இந்த வருடம் மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருங்கிணைப்பாளர் போவார் என்று எழுதினோம். பட்ஜெட்டின் இரண்டாவது வரிக்கு அதைவிட நல்ல காரணம் எங்களிடம் இல்லை.

இதே கணக்கில் அபாயத்துக்கும் இரண்டு வரி வைத்தோம். தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, வாடகை அறையைக் காலி செய்ய வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று எவரும் கேட்பார்கள். மாற்று இடமாக ஒரு கோயில் மண்டபத்தின் ஒப்புதல் கடிதம் இருப்பதைக் குறிப்பிட்டோம்.

ஆறாம் படி: மனசு ஒட்டிக்கிடக்கும் பகுதி

வரலாறு இரண்டரைப் பக்கம். டிரஸ்டைத் தொடங்கிய அண்ணாச்சி அதை ஒரு வரி விடாமல் சொல்லிச் சொல்லி எழுதவைத்தது. ஒரு மழைக்காலத்தில் 90 அடி சாலையில் ஒரு டீக்கடையின் மாடியில் நாலு பிள்ளைகளோடு தொடங்கிய கதை. நான் வெட்டலாம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

"தம்பி, அது இல்லாம நாங்க யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அது சரியான கேள்வி. நான் திருப்பி ஒன்று கேட்டேன்: "அண்ணாச்சி, இந்த 20 லட்சத்தை நீங்க ஒழுங்கா செலவு பண்ணுவீங்கன்னு காட்டுறது இந்தக் கதையில எந்த வரி?"

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். பிறகு மூன்று இடத்தைத் தொட்டார். எத்தனை வருடமாக இடைவிடாமல் நடக்கிறது. முன்பு வாங்கிய நிதிக்குக் கணக்கைக் குறித்த நாளில் ஒப்படைத்தது. முதல் தொகுதியில் படித்த பெண் இன்று அங்கேயே ஆசிரியையாக இருப்பது. மூன்றும் சேர்ந்து ஐந்து வரி. டீக்கடை மாடி போனது.

வெட்டச் சொல்லும்போது "இது தேவையில்லை" என்று சொல்வது யாரையும் நகர்த்தாது. அந்தப் பகுதி செய்ய வேண்டிய வேலை எதுவென்று சொல்லி, அதைச் செய்யும் வரியைச் சொந்தக்காரரையே தேர்ந்தெடுக்கவிட்டால் அவரே வெட்டிக் கொடுப்பார்.

படங்களை முழுதாக எடுத்துவிட்டோம். பணியாளர் பக்கம் ஒரு சின்ன அட்டவணையாகச் சுருங்கியது: பொறுப்பு, படிப்பு, அனுபவம்.

ஏழாம் படி: இப்போதுதான் வாக்கியம்

இவ்வளவுக்குப் பிறகு ஆறேகால் பக்கத்தில் வந்து நின்றோம். மீதியை வாக்கிய அளவில் எடுக்கலாம். ஒரு சின்ன உதாரணம்:

"பிள்ளைகளின் கற்றல் திறனில் ஏற்படும் முன்னேற்றத்தைத் தொடர்ச்சியாகக் கண்காணித்து மதிப்பிடும் நோக்கில் உரிய கால இடைவெளிகளில் தேர்வுகள் நடத்தப்படும்."

இது இப்படி ஆனது: "ஜூலை, நவம்பர், மார்ச் மாதங்களில் ஒரே வாசிப்புத் தேர்வை 120 பேருக்கும் நடத்துவோம்."

சொற்கள் குறைந்தன, தகவல் கூடியது. எப்போது, எத்தனை முறை, யாருக்கு என்பது பழைய வாக்கியத்தில் இல்லவே இல்லை. நீளமான வாக்கியத்தைக் கண்டால் "எத்தனை, எப்போது, யார்" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வாக்கியம் இன்னும் யோசிக்கப்படாத ஒரு வேலையை மூடி வைத்திருக்கிறது. அதைப் பற்றி டிரஸ்டோடு பேச வேண்டும்.

இடம் மிச்சம் பிடிக்கச் சுருக்கெழுத்துகளை அள்ளிப் போடாதீர்கள். பக்கத்துக்கு ஐந்தாறு சுருக்கெழுத்து வந்தால் படிப்பவர் முன்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அதேபோல, அவசியமான ஒரு தகவலை இணைப்புக்குத் தள்ளிவிட்டு "இணைப்பு 4 காண்க" என்று எழுதாதீர்கள். இணைப்பைத் திறக்காமலே மதிப்பெண் போடலாம் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். அங்கே போக வேண்டியவை சான்றுகள் மட்டும்.

எட்டாம் படி: தெரியாத ஒருவர் படிக்கட்டும்

மாதுங்காவில் இருக்கும் என் அத்தை மகளிடம் கொடுத்தேன். வங்கியில் வேலை, டிரஸ்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் படிக்கச் சொல்லி, தாளை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டேன். யாருக்கு, என்ன பிரச்சினை? என்ன செய்யப்போகிறார்கள்? எவ்வளவு கேட்கிறார்கள், பெரிய செலவு எது? வருட முடிவில் நடந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

மூன்றுக்குப் பதில் சொல்லிவிட்டாள். கடைசியில் தடுமாறினாள். "தேர்வு வைப்பாங்க, சரி. எவ்வளவு பேர் பாஸ் பண்ணா நல்லதுன்னு எடுத்துக்கணும்?" இலக்கு எண்ணை நாங்கள் வெட்டியிருந்தோம். சுருக்கம், திட்டம், அளவீடு மூன்றிலும் அது இருந்ததால், வெட்ட உட்கார்ந்த நாங்கள் மூவரும் ஆளுக்கொரு இடத்தில் "இன்னொரு இடத்தில் இருக்கிறதே" என்று எடுத்துவிட்டோம். பலர் சேர்ந்து வெட்டும்போது இது அடிக்கடி நடக்கும். கடைசிப் பிரதியை ஒருவரே கையில் வைத்திருப்பது நல்லது. மார்ச் தேர்வில் குறைந்தது 70 பிள்ளைகள் அந்தப் பத்தியை வாசிக்க வேண்டும் என்ற வரியைத் திரும்பச் சேர்த்தோம்.

கடைசியாக, அனுப்பும் முன்

தாள் அளவைப் பாருங்கள். சில கணினிகளில் லெட்டர் அளவு தானாக அமைந்திருக்கும். அது ஏ4-ஐவிட உயரம் குறைவு. ஒன்றில் சரியாக 5 பக்கம் வருவது இன்னொன்றில் ஆறாம் பக்கத்துக்கு இரண்டு வரி தள்ளிவிடும். பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கணினியிலும் போனிலும் திறந்து பக்கங்களை எண்ணுங்கள். கடைசிப் பக்கத்தில் மூன்று நான்கு வரி காலியாக இருப்பது பாதுகாப்பு. நாங்கள் பட்ஜெட்டைக் கடைசிப் பக்கத்துக்கு விடவில்லை, நாலாம் பக்கத்தில் வைத்தோம். ஏதாவது தள்ளிப்போய் ஒரு வரி வெட்டுப்பட்டாலும் அது மொத்தத் தொகையாக இருக்கக்கூடாது.

வெட்டிய 9 பக்கத்தையும் "வெட்டியவை" என்று தனிக் கோப்பில் தலைப்பு வாரியாக வைத்திருந்தோம். முதல் சுற்றில் தேர்வான பிறகு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் அறையைப் பார்க்க வந்தார்கள். ஆசிரியர்களின் பின்னணி, முந்தைய வருடங்களின் வருகைப் பதிவு என்று அவர்கள் கேட்டதில் பெரும்பாலானவை அந்தக் கோப்பிலேயே இருந்தன. போகும்போது அவர்களில் ஒருவர் இது எப்படித் தொடங்கியது என்று கேட்டார். அண்ணாச்சி டீ வரவழைத்து, டீக்கடை மாடியிலிருந்து ஆரம்பித்தார்.